டான்சிலை எண்ணுங்க, மாத்திரையை எண்ணாதீங்க!

1/
"டாக்டர், பாப்பாவுக்கு மாசாமாசம் டான்சில் வருது. இந்த வருஷம் மட்டும் 8 தடவை ஆன்டிபயாடிக் குடுத்தாச்சு. பேசாம ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாமா?"

பெத்தவங்க அடிக்கடி கேக்குற கேள்வி இது. இதுக்கு பதில் அந்த "8"ல தான் இருக்கு. அது எத்தனை தடவை டான்சில் வந்துச்சுங்கற கணக்கு இல்ல, எத்தனை தடவை மருந்து குடுத்தாங்கங்கற கணக்கு. ரெண்டும் வேற வேற.

2/
அடிக்கடி வரும் தொண்டைத் தொற்றுக்காக டான்சிலை எடுக்கலாமான்னு யோசிக்க ஒரு அளவுகோல் இருக்கு. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் டாக்டர் பாரடைஸ் குழு குழந்தைகளிடம் ஆய்வு செய்து 1984ல் வெளியிட்டது.

கடந்த ஒரு வருஷத்துல 7 தடவை.
அல்லது 2 வருஷமா, வருஷத்துக்கு 5 தடவை.
அல்லது 3 வருஷமா, வருஷத்துக்கு 3 தடவை.

3/
இதை பலரும் சொல்லுவாங்க. ஆனா அடுத்த வரியை விட்டுடுவாங்க. தொண்டை வலி வந்தாலே அது ஒரு "தடவை" ஆகிடாது. வலியோட கீழே உள்ளதுல ஒண்ணாவது இருக்கணும்:

• 101 டிகிரிக்கு மேல காய்ச்சல்
• கழுத்துல நெறி கட்டி, தொட்டா வலிக்கறது
• டான்சில் மேல வெள்ளையா சீழ் படிஞ்சிருக்கறது
• தொண்டை ஸ்வாப் டெஸ்ட்ல ஸ்ட்ரெப் கிருமி இருக்கறது

இதுவும் ஒவ்வொரு முறையும் டாக்டர் பார்த்து எழுதி வெச்சதா இருக்கணும். ஞாபகத்துல இருந்து சொல்ற கணக்கு பெரும்பாலும் கூடிடும்.

4/
ஒரு உதாரணம் பார்ப்போம். 7 வயசுப் பொண்ணு. ஒரு வருஷத்துல 8 கோர்ஸ் ஆன்டிபயாடிக். மருந்துச்சீட்டுகளை தேதி வாரியா அடுக்கிப் பார்த்தா:

4 தடவை மூக்கு ஒழுகல், இருமல், குரல் கம்மல், லேசான காய்ச்சல். தொண்டை கொஞ்சம் சிவப்பு, அவ்வளவுதான். இது வைரஸ் சளி. ஆன்டிபயாடிக்கே தேவைப்பட்டிருக்காது. கணக்குல வராது.

5/
அடுத்த 2 கோர்ஸ், ஒரே தொற்றுக்கு. முதல் டாக்டர் 10 நாளைக்கு எழுதினார். மூணாம் நாள் காய்ச்சல் விட்டதும் வீட்டுல நிறுத்திட்டாங்க. பத்து நாள் கழிச்சு திரும்ப வந்துச்சு. வேற கிளினிக், வேற மருந்து. இது ரெண்டு இல்ல, ஒண்ணு.

மீதி 2 மட்டும் 102 காய்ச்சல், வெள்ளைப் படலம், நெறி எல்லாம் சேர்ந்து வந்த அசல் டான்சில்.

ஆக 8 கோர்ஸ், ஆனா 3 தடவை தான். போன வருஷச் சீட்டுகளைப் பார்த்தா 2 தடவை.

6/
8ன்னு எண்ணினா இந்தக் குழந்தை 7ங்கற கோட்டைத் தாண்டி ஆபரேஷன் டேபிளுக்குப் போயிருக்கும். 3ன்னு எண்ணினா பக்கத்துல கூட வரல.

என் கருத்து: இந்தக் குழந்தைக்கு ஆபரேஷனும் வேண்டாம், சளிக்கெல்லாம் ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். ஒரு வருஷம் சரியா எண்ணிப் பார்க்கலாம். அசல் ஸ்ட்ரெப் வந்தா பென்சிலின் அல்லது அமாக்சிசிலின், 10 நாள் முழுசா. காய்ச்சல் விட்ட பிறகும் ஏன்னா, அரைகுறையா விட்ட ஸ்ட்ரெப்பால ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெட வாய்ப்பிருக்கு.

7/
"எடுத்துட்டா நிம்மதி தானே?"

முழு மயக்கம் குடுத்து செய்யற ஆபரேஷன். பத்து நாள், சிலருக்கு ரெண்டு வாரம் முழுங்க முடியாத வலி. 5 முதல் 10 நாளுக்குள்ள புண்ணு மேல இருக்கற படலம் உதிரும்போது ரத்தம் கசியலாம். கொஞ்சம் புது ரத்தம் வந்தாலும், தூக்கத்துல குழந்தை எதையோ முழுங்கிக்கிட்டே இருந்தாலும், ராத்திரின்னு பார்க்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

பலன் பெரும்பாலும் முதல் ஒண்ணு, ரெண்டு வருஷத்துக்கு. எடுக்காத குழந்தைகளுக்கும் வயசு ஏற ஏற தொற்று குறையுது.

8/
அதே சமயம், சரியா எண்ணியும் 7 வந்துட்டா, எட்டாவது கோர்ஸை எழுதி அனுப்பறதும் தப்பு. அப்போ காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட உக்காந்து பேசுங்க.

டான்சில் பக்கத்துல சீழ்க்கட்டி வந்தவங்க, குறட்டையோட தூக்கத்துல மூச்சு நிக்கற குழந்தைகள், பல ஆன்டிபயாடிக் அலர்ஜி உள்ளவங்க, இவங்களுக்கு இந்த எண்ணிக்கை பொருந்தாது. முடிவு வேற மாதிரி.

9/
இனிமே தொண்டை வலி வந்தா போன்ல இதைக் குறிச்சு வைங்க: தேதி, தெர்மாமீட்டர்ல பார்த்த காய்ச்சல், மூக்கு ஒழுகலோ இருமலோ இருந்துச்சா, மருந்து பேரு, எத்தனை நாள் குடுத்தீங்க. டார்ச் அடிச்சு தொண்டையை ஒரு போட்டோ. சீட்டைத் தூக்கிப் போடாதீங்க.

பழைய சீட்டு எதுவும் இல்லையா? அடுத்த ரெண்டு தடவை வரும்போது ஒரே டாக்டர்கிட்ட காட்டுங்க. நீங்க சொல்ற மாதிரியே தான் வருதான்னு அவர் நேர்ல பார்த்துட்டு முடிவு பண்ணட்டும்.