மூன்று திகதிகளும் ஒரு காசோலையும்

வெளிநாட்டுக் காசோலையொன்றை வங்கியில் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள், பணம் கணக்கில் விழுந்ததும் பெருமூச்சு விட்டு, உடன் வரும் அறிவித்தலை மடித்துக் கோவையில் போட்டுவிடுகிறார்கள். நானும் நீண்ட காலம் அப்படித்தான் செய்து வந்தேன். நாளிதழ்களில் பிறர் எழுதிய கணக்குகளையெல்லாம் திருத்திய எனக்கு, என் பெயருக்கு வந்த அரைப்பக்கக் கடதாசியைக் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில்தான் அந்தப் பழக்கம் மாறியது.

அமெரிக்காவில் இருக்கும் பதிப்பகமொன்று எனக்கு 600 டொலருக்கு ஒரு காசோலை அனுப்பியிருந்தது. அதை 2023 ஜனவரி 2ஆம் திகதி கொழும்பில் எனது வங்கிக் கிளையில் கொடுத்தேன். வங்கியின் பெயர் இங்கு தேவையில்லை. வேறு வங்கிகளில் இதேபோன்ற அனுபவம் பெற்ற நண்பர்களும் உண்டு. காசோலை சேகரிப்புக்காக ஏற்கப்பட்டது. அதாவது, வங்கி எனக்கு உடனே பணம் தரவில்லை. காசோலையைக் கூரியர் மூலம் அமெரிக்காவிலுள்ள தனது முகவர் வங்கிக்கு அனுப்பி, அங்கு பணம் கிடைத்த பின்னரே எனது கணக்கில் இடும். மார்ச் 14ஆம் திகதி பணம் வந்தது. அறிவித்தலில் இருந்தவை இவைதான்: தேறிய வெளிநாட்டு நாணயம் 575 டொலர், மாற்று வீதம் 319.50, ரூபா 183,712.50; கழிவுகள் - தரகு 1,500, கூரியர் 4,500, தொடர்பாடல் 1,750; கணக்கில் வரவு 175,962.50. திகதி ஒன்றே ஒன்று: மார்ச் 14.

கூட்டல் கழித்தல் சரியாகத்தான் இருந்தது. பிழை இருந்தது எழுதப்படாத இடத்தில்.

ஒரு காசோலையின் பயணத்தில் குறைந்தது மூன்று திகதிகள் உண்டு. முதலாவது, நாம் அதைக் கிளையில் கொடுத்த நாள். இரண்டாவது, அமெரிக்க முகவர் வங்கி, நமது வங்கி அங்கு டொலரில் வைத்திருக்கும் கணக்கிலே பணத்தை வரவு வைத்த நாள். வங்கியாளர்கள் அக்கணக்கை நோஸ்ட்ரோ கணக்கு என்றும், அந்த நாளைப் பெறுமதித் திகதி என்றும் சொல்வார்கள். மூன்றாவது, நமது கணக்கில் ரூபா விழுந்த நாள். முதல் இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் பணம் நமது வங்கியின் கையில் இல்லை. கூரியர், அமெரிக்கத் தீர்வை முறை, பணம் செலுத்தும் வங்கியின் சரிபார்ப்பு என்று பல காரணங்கள் அங்கே இருக்கலாம். ஆனால் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் பணம் நமது வங்கியிடமே இருக்கிறது. அந்த இடைவெளிக்கு வேறு எவரும் பொறுப்பாளியல்லர். அறிவித்தலில் அச்சிடப்படாமல் விடப்படுவதும் பெரும்பாலும் அந்த இரண்டாவது திகதிதான்.

சாதாரண காலத்தில் இது சில நூறு ரூபா விடயம். 2023 மார்ச் சாதாரண காலமாக இருக்கவில்லை. பெப்ரவரி இறுதியில் டொலரின் கொள்விலை 350 ரூபாவுக்கு மேல் நின்றது. மார்ச் முதல் இரு வாரங்களில் ரூபா திடீரென்று வலுப்பெற்று, வீதம் 320 அளவுக்கு இறங்கியது. நாடு மகிழ்ந்த செய்தி அது. நானும் அதைப் பற்றி எழுதினேன். ஆனால் டொலர் வரவை எதிர்பார்த்திருந்தவனுக்கு எந்த நாளில் மாற்றினார்கள் என்பது பெரிய கேள்வியாகிவிட்டது.

கிளை முகாமையாளரிடம் சென்றேன். நல்ல மனிதர். “வெளிநாட்டு வங்கியின் தாமதம், சேர். நாங்கள் என்ன செய்வது?” என்றார். பத்திரிகைத் தொழிலில் இந்தப் பதிலை வேறு பல வடிவங்களில் கேட்டிருக்கிறேன். இல்லாத ஒருவர் மீது சுமத்தப்படும் தவறு அது. அதை அங்கேயே மறுப்பதற்கு என்னிடம் சான்று இருக்கவில்லை.

சான்று எங்கே கிடைக்கும் என்பதுதான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய விடயம். காசோலையை எழுதியவரிடம் அது இருக்கிறது. அவரது வங்கிக் கூற்றில் காசோலை இலக்கத்துடன் பணம் கழிக்கப்பட்ட நாள் பதிவாகியிருக்கும். பெரும்பாலான அமெரிக்க வங்கிகள் பணம் செலுத்தப்பட்ட காசோலையின் இருபுறப் படங்களையும் வாடிக்கையாளருக்கு இணையத்திலேயே காட்டுகின்றன. பதிப்பகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது: காசோலை பெப்ரவரி 17ஆம் திகதி கழிக்கப்பட்டிருந்தது. புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து ஊரில் உள்ள பெற்றோருக்குக் காசோலை அனுப்பும் வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஊரிலே ஒரு முதியவர் கிளைக்கு நாலு முறை நடந்தும் பெற முடியாத திகதியை, நீங்கள் உங்கள் மேசையிலிருந்தே பார்த்துச் சொல்லிவிடலாம்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. காசோலை கழிக்கப்பட்ட நாளும் பெறுமதித் திகதியும் ஒன்றல்ல. முகவர் வங்கி சில நாட்கள் பணத்தை நிறுத்தி வைத்திருக்கக்கூடும். ஆகவே பெப்ரவரி 17ஐ வைத்துக்கொண்டு “அன்றைய வீதத்தைத் தாருங்கள்” என்று கேட்டால் வங்கி நியாயமாகவே மறுக்கும். அந்தத் திகதி ஒரு கதவைத் திறப்பதற்குத்தான் உதவும். நான் இரண்டாவது முறை சென்றபோது வாய்மொழியாக எதுவும் கேட்கவில்லை. எழுத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். ‘இந்தச் சேகரிப்புக்குரிய பணம் தங்களது நோஸ்ட்ரோ கணக்கில் எந்தப் பெறுமதித் திகதியுடன் வரவு வைக்கப்பட்டது? முகவர் வங்கி அனுப்பிய கொடுப்பனவு அறிவித்தலின் பிரதியைத் தரவும்.’ சேகரிப்பு முறையில் சென்ற காசோலைக்கு இந்த அறிவித்தல் வழமையாக ஸ்விஃப்ட் வலையமைப்பில் MT400 என்ற செய்தியாக வரும். அதிலே 33A என்ற இடத்தில் அனுப்பப்பட்ட தேறிய தொகையும் திகதியும், 71B என்ற இடத்தில் கழிக்கப்பட்ட கட்டணங்களின் விபரமும் இருக்கும். சில காசோலைகள் கட்டாக அனுப்பப்பட்டு, தனிச் செய்தி எதுவுமின்றி நோஸ்ட்ரோ கூற்றில் ஒரு வரியாகவே வருவதுண்டு. அப்போது அந்த வரியின் பிரதியைக் கேட்க வேண்டும்.

ஒன்பது நாட்களின் பின்னர் பிரதி கிடைத்தது. பெறுமதித் திகதி பெப்ரவரி 24, வெள்ளிக்கிழமை. முகவர் வங்கியின் கழிவு 25 டொலர். காணாமற்போன 25 டொலருக்கு இவ்வாறு விளக்கம் கிடைத்தது. அதில் எனக்கு முறைப்பாடு இல்லை. ஆனால் பெப்ரவரி 24இலிருந்து மார்ச் 14 வரை, சனி ஞாயிறையும் பௌர்ணமி விடுமுறையையும் கழித்த பின்னரும், இடையில் பத்து வேலை நாட்கள் முழுமையாக இருந்தன. பணம் கொழும்பு வங்கியின் பெயரில் நியூயோர்க்கில் இருந்திருக்கிறது.

அந்தப் பத்து நாட்களில் என்ன நடந்தது? தலைமைக் காரியாலயத்தில் ஓர் உத்தியோகத்தர் ஒளிக்காமல் சொன்னார். முகவர் வங்கியின் செய்தியில் எங்கள் தரப்புச் சேகரிப்பு இலக்கத்தின் ஓர் எண் தவறியிருந்தது. இலக்கம் பொருந்தாத வரவுகள் ஒரு தற்காலிகக் கணக்கில் போடப்படும். யாராவது அவற்றை ஒப்பிட்டு உரிமையாளரைக் கண்டுபிடிக்கும் வரை அவை அங்கேயே கிடக்கும். யாருடைய சூழ்ச்சியும் இல்லை, வேலை குவிந்திருந்தது. நான் அதை நம்புகிறேன். ஆனால் வீதம் இறங்கியதன் நட்டத்தை, அந்த எண்ணைத் தவறவிட்டவரோ தேடத் தாமதித்தவரோ சுமக்கவில்லை. அந்த இலக்கத்தை ஒருபோதும் எழுதியிராத நான் சுமந்தேன்.

எவ்வளவு நட்டம்? பெப்ரவரி 24ஆம் திகதி அதே வங்கியின் கொள்வீதம் 357.80. 575 டொலருக்கு 205,735 ரூபா. எனக்குத் தரப்பட்ட 183,712.50ஐக் கழித்தால் 22,022.50 ரூபா வித்தியாசம். எல்லாக் கட்டணங்களையும் சேர்த்தாலும் அது 7,750 ரூபாதான். நாம் கட்டணங்களைப் பற்றியே முணுமுணுக்கிறோம். அவை தனித்தனி வரிகளாகக் கண்ணுக்குத் தெரிகின்றன. வீதத்தில் போவது தெரிவதில்லை.

கட்டணங்களில் ஒன்றைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அறிவித்தலில் கூரியருக்கு 4,500 ரூபா கழிக்கப்பட்டிருந்தது. எனது சேமிப்புப் புத்தகத்தைப் புரட்டியபோது ஜனவரி 2ஆம் திகதியே 4,500 ரூபா பற்று வைக்கப்பட்டிருந்ததைக் கண்டேன். காசோலையைக் கொடுத்த அன்றே கூரியர் கட்டணத்தை எடுத்துவிட்டு, முடிவிலும் எடுத்திருக்கிறார்கள். அறிவித்தலை மாத்திரம் பார்ப்பவருக்கு இது ஒருபோதும் தெரியவராது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. வங்கிகளின் வீதப் பட்டியலில் காசோலைக்கு ஒரு கொள்வீதமும், தந்தி மாற்றுக்கு அதைவிடச் சற்று உயர்ந்த கொள்வீதமும் இருக்கும். வங்கி தன் பணத்தை முதலில் தந்து காசோலையை வாங்கும்போது, காத்திருக்கும் நாட்களுக்காக வீதத்தைக் குறைப்பது புரிந்துகொள்ளக்கூடியது. சேகரிப்பில் காத்திருந்தவன் நான். பணம் ஏற்கெனவே நோஸ்ட்ரோவில் இருக்கும்போது காசோலை வீதத்தைப் பயன்படுத்துவது, நான் காத்திருந்ததற்கு என்னிடமே வட்டி கேட்பது போன்றது என்பது எனது கருத்து. என் விடயத்தில் தந்தி மாற்று வீதத்தையே தந்திருந்தார்கள். அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

நண்பரொருவர் என்னைச் சங்கடமான கேள்வியொன்று கேட்டார். “இதே தாமதம் 2022இல் நடந்திருந்தால்?” 2022 மார்ச் தொடக்கத்தில் 200 அளவில் இருந்த டொலர், மே மாதமளவில் 360ஐத் தொட்டது. அப்போது பத்து நாள் தாமதம் எனக்கு இலாபமாக இருந்திருக்கும். நான் வாய் திறந்திருக்கமாட்டேன். உண்மைதான். அதனாலேயே வாடிக்கையாளரின் அதிர்ஷ்டத்தையோ வங்கியின் வேலைப்பளுவையோ பாராமல், பெறுமதித் திகதியை அடிப்படையாகக் கொள்வதே இரு தரப்புக்கும் முறை என்கிறேன்.

சர்வதேச வர்த்தக சம்மேளனத்தின் சேகரிப்பு விதிகள், 522ஆம் இலக்க வெளியீடு, 1996 முதல் நடைமுறையில் உள்ளன. சேகரித்த பணம் தாமதமின்றிக் கிடைக்கச் செய்யப்பட வேண்டும், கழிவுகளின் விபரம் அறிவித்தலில் தரப்பட வேண்டும் என்று அவை கூறுகின்றன. தபாலில் ஏற்படும் தாமதத்துக்கு வங்கி பொறுப்பல்ல என்றும் அவையே கூறுகின்றன. சேகரிப்பு அறிவுறுத்தலில் இவ்விதிகள் குறிப்பிடப்பட்டிருந்தால்தான் அவை பொருந்தும். எனது படிவத்தின் பின்புறத்தில், மிகச் சிறிய எழுத்தில், அவை குறிப்பிடப்பட்டிருந்தன. எனது கடிதத்தில் அந்த வரியை அப்படியே எடுத்து எழுதினேன்.

வங்கிக்கு எழுத்தில் முறையிட்டு, பதில் திருப்தி தராவிட்டால் நிதி ஒம்புட்ஸ்மனிடமோ மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்திடமோ போகலாம். எனக்கு அந்த அவசியம் வரவில்லை. இரண்டாவது கூரியர் கட்டணம் உடனே திரும்பி வந்தது. வீத விடயத்தில், வரவை அடையாளம் காண இரண்டு வேலை நாட்கள் தேவை என்று வங்கி வாதிட்டது. அது நியாயமாகப் பட்டது. பெப்ரவரி 28ஆம் திகதியின் 354.90 என்ற வீதத்தில் மீண்டும் கணக்கிட்டு, 20,355 ரூபாவை வரவு வைத்தார்கள்.

அதன் பின்னர் நான் ஆளுக்குரிய வெளிநாட்டு நாணயக் கணக்கொன்றைத் திறந்துவிட்டேன். காசோலைப் பணம் டொலராகவே அதில் விழுகிறது. மாற்றும் நாளை நானே தெரிவு செய்கிறேன். கடந்த முறை வந்த அறிவித்தலையும் பார்த்தேன். படிவம் மாறவில்லை. பெறுமதித் திகதிக்கு அதில் இன்னும் இடமில்லை. கிளையில் கேட்டு, பேனாவால் எழுதி வாங்கிக்கொண்டேன்.