"சிறந்த" என்று வந்தால் கருத்தா?

பத்தியைப் படித்து "இது உண்மையா, கருத்தா?" என்று பிரிக்கச் சொல்லும் கேள்விக்கு ஒரு குறுக்குவழி சொல்லித் தருகிறார்கள். சிறந்த, அழகான, மிகவும், வேண்டும், கருதப்படுகிறது போன்ற சொல் வந்தால் கருத்து. எண்ணோ ஆண்டோ வந்தால் உண்மை. ஒரு பட்டியலை மனப்பாடம் செய்தால் போதும், மதிப்பெண் கைக்கு வந்துவிடுமாம்! இந்தப் பட்டியலை உத்திரமேரூரிலேயே சோதித்துப் பார்க்கலாம். அந்த ஊரைப் பற்றிப் பாடப்புத்தக நடையில் ஒரு பத்தி:

"உத்திரமேரூரில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மக்களாட்சி இருந்தது. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. உலகின் மிகச் சிறந்த தேர்தல் முறை இதுதான். தீயவர் அழிந்து நல்லவர் செழிக்க வேண்டும் என்று கல்வெட்டு சொல்கிறது. குடவோலை முறையை ராஜராஜ சோழன் கொண்டுவந்தான்."

பட்டியலை வைத்துத் திருத்தினால் 1, 2, 5 உண்மை. 3, 4 கருத்து. ஐந்தில் மூன்றுதான் உருப்படியாகத் தேறும்.

முதலில் நான்காவது வாக்கியம். தீயவர், நல்லவர், வேண்டும் என்று பட்டியலின் சொற்கள் மூன்று வரிசையாக நிற்கின்றன. ஆனாலும் இது கருத்து இல்லை. "இப்படிக் கல்வெட்டு சொல்கிறது" என்பதுதான் வாக்கியம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகனின் கல்வெட்டைப் படித்தால், ஏற்பாட்டின் நோக்கம் அந்தப் பொருளில்தான் எழுதியிருக்கிறது. நல்லவர் செழிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது சபைக்காரர்கள். அதை எடுத்துச் சொன்னவருக்கு அது ஒரு தகவல் மட்டுமே. யாருடைய தீர்ப்பு என்று பார்க்காமல் சொல்லை மட்டும் பிடித்தால் இப்படித்தான் ஆகும்.

ஐந்தாவது வாக்கியம் தப்பு. கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ராஜராஜன் அரியணை ஏறியது 985-ல். விஷயம் தெரிந்த மாணவன் "தப்பு, அதனால் கருத்து" என்று எழுதுவான். அதுவும் பிழை. சரிபார்த்துத் தப்பென்று நிரூபிக்க முடிகிறதே, அதனாலேயே அது உண்மை வகை வாக்கியம். பொய்யான தகவலும் தகவல் வகைதான். "உண்மை" என்ற சொல்லே இந்தக் கேள்வியில் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். "சரிபார்க்கக்கூடியது" என்று அச்சடித்திருந்தால் எத்தனையோ மதிப்பெண் பிழைத்திருக்கும்.

கடைசியாக, மோசமான ஆள்: முதல் வாக்கியம். சிறந்த இல்லை, அழகான இல்லை. ஆயிரம் என்று எண் வேறு. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்தின் அடிக்கல் விழாவில் பிரதமரே இந்த ஊர்க் கல்வெட்டைப் பேசினார் என்பதால் யாருக்கும் சந்தேகமும் வராது. ஆனால் "மக்களாட்சி" என்ற சொல்லுக்குள் ஒரு தீர்ப்பு உட்கார்ந்திருக்கிறது. கல்வெட்டு சொல்வது என்ன? 921-ஆம் ஆண்டு விதிப்படி, வாரியத்துக்கு வர கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். (வேதமும் உரையும் நன்றாகக் கற்றவர் என்றால் நிலத்தில் சலுகை உண்டு.) கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய உறவினரும் வரக்கூடாது. ஊரோ சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்கு விடப்பட்ட ஊர். தகுதி உள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். ஓட்டு எண்ணவில்லை, குலுக்கினார்கள்.

இதை மக்களாட்சி என்பதா, நிலமுள்ள சபையின் கட்டுப்பாடான சுயாட்சி என்பதா? இரண்டுக்கும் வாதம் உண்டு. வாதம் உண்டு என்றாலே அது கருத்துப் பக்கம். "குடத்தில் ஓலை போட்டு எடுத்தார்கள்" என்பது சுவரில் பார்க்கலாம். "மக்களாட்சி" என்பதைச் சுவரில் தேடினால் கிடைக்காது.

அதே வாக்கியத்தில் இன்னொன்றும் இருக்கிறது. "முன்பே" என்பதன் ஏகாரம். "ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்" என்றால் காலம். "முன்பே" என்றால் "அப்பொழுதே, பார்த்தாயா!" என்ற வியப்பும் சேர்கிறது. ஆங்கிலப் பட்டியலை அப்படியே தமிழாக்கினால் இது அகப்படாது. தமிழில் தீர்ப்பு பல நேரம் தனிச்சொல்லாக வராமல் ஏ, தான், கூட, மட்டும் என்று வால் பிடித்து வருகிறது. "கால் வேலி இல்லாதவர்" வேறு, "கால் வேலிகூட இல்லாதவர்" வேறு. இரண்டாவதில் ஒரு ஏளனம் இருக்கிறது.

பட்டியலைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. மூன்றாவது வாக்கியத்தில் "மிகச் சிறந்த" அதன் வேலையைச் சரியாகச் செய்கிறது. ஆனால் அது சந்தேகப்படச் சொல்லும் மணிதான், தீர்ப்பு இல்லை. மணி அடித்ததும் வாக்கியத்தைத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் எதை வைத்து யார் சரிபார்ப்பார் என்று கேட்க வேண்டும். மணி அடிக்காத வாக்கியத்தையும் ஒருமுறை அப்படிக் கேட்க வேண்டும், முக்கியமாகத் தன் ஊரைப் புகழும் வாக்கியத்தை.