பெயர் இல்லை, படம் இருக்கிறது

வரன் தேடும் தளத்தில் மகளின் விவரத்தைப் பதிகிற பெற்றோர் பொதுவாகக் கவனமாகத்தான் இருக்கிறார்கள். பெயரைப் போடாமல் தளம் தரும் பதிவு எண்ணோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கைபேசி எண் எல்லோர் கண்ணிலும் படாதபடி பார்த்துக்கொள்கிறார்கள். வீட்டு முகவரியை எங்கும் எழுதுவதில்லை. 28 வயது, பி.இ., சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை, சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம், ராசி, நட்சத்திரம், கூடவே நல்லதாக ஒரு படம். அவ்வளவுதான் வெளியே தெரிகிறது.

அந்தப் படத்தில்தான் சிக்கல். வரன் பார்ப்பதற்கென்றே பலரும் தனியாகப் படம் எடுப்பதில்லை. அலுவலக விழாவில் தோழி எடுத்த படம் நன்றாக வந்திருக்கும். லிங்க்டுஇனில் வைத்ததும் அதுதான், இங்கே ஏற்றியதும் அதுதான். இப்படி ஒரு பதிவை எடுத்துக்கொள்வோம். பார்க்கிறவர் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸிலோ டின்ஐ தளத்திலோ போடுகிறார். அதே படம் இருக்கும் இன்னொரு பக்கம் வந்து நிற்கிறது. அங்கே முழுப் பெயர் இருக்கிறது, நிறுவனத்தின் பெயர் இருக்கிறது, எந்த ஊர்க் கல்லூரியில் எந்த ஆண்டு முடித்தார் என்பதும் இருக்கிறது. நிறுவனத்துக்குச் சென்னையில் ஒரே அலுவலகம் என்றால், காலையில் எந்த வாசலில் அவர் நுழைவார் என்பதும் தெரிந்துவிட்டது. இதற்கு நிபுணத்துவம் எதுவும் தேவையில்லை.

இரண்டு பக்கங்களையும் தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் தவறு சொல்ல முடியாது. வேலை தேடுகிறவர் நிறுவனத்தின் பெயரைப் போடத்தான் வேண்டும். வரன் தேடுகிறவர் வயதையும் ஊரையும் சொல்லத்தான் வேண்டும். ஒன்றில் பெயர் உண்டு, அந்தரங்கம் இல்லை. மற்றதில் அந்தரங்கம் உண்டு, பெயர் இல்லை. அந்த இரண்டையும் ஒரே படம் சேர்த்துக் கட்டிவிடுகிறது.

இது வெறும் ஊகம் அல்ல. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அலெஸாண்ட்ரோ அக்விஸ்டி தலைமையிலான ஆய்வுக் குழு இதைச் சோதித்துப் பார்த்து 2011-இல் முடிவுகளை வெளியிட்டது. ஒரு நகரத்தில் உள்ளவர்கள், புனைபெயரில், டேட்டிங் தளம் ஒன்றில் வைத்திருந்த படங்களை எடுத்தார்கள். அதே நகரத்தவர்களின் ஃபேஸ்புக் முகப்புப் படங்களையும் எடுத்தார்கள். ஃபேஸ்புக்கில் உள்நுழையாமலேயே யாருக்கும் கிடைத்த படங்கள் அவை. முகங்களை ஒப்பிடும் மென்பொருளில் இரண்டையும் கொடுத்தபோது, டேட்டிங் தளத்தில் இருந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவரின் உண்மையான பெயர் வெளிப்பட்டது. அன்றைய மென்பொருளின் திறன் அவ்வளவு. அதற்குப் பிறகு இந்தத் துறை எங்கோ போய்விட்டது.

படத்தை வைத்துத் தேடுவது, அதாவது ரிவர்ஸ் இமேஜ் சர்ச், என்று எல்லோரும் பொதுவாகச் சொல்கிறார்கள். உண்மையில் அது ஒரே வேலை அல்ல. ஒன்றிலிருந்து காக்கும் ஏற்பாடு மற்றதில் பலிக்காது என்பதால் இந்த வேறுபாடு முக்கியம்.

முதல் வகை, படத்தின் நகலைத் தேடுவது. கனடாவிலிருந்து 2008-இல் வந்த டின்ஐ இதைத்தான் செய்கிறது. படத்தின் வெளிச்சம், வடிவம், நிற அமைப்பு ஆகியவற்றிலிருந்து ஒரு கைரேகையைக் கணக்கிட்டு, இணையத்தில் ஏற்கெனவே திரட்டி வைத்த படங்களின் கைரேகைகளோடு ஒப்பிடும். ஓரத்தைக் கொஞ்சம் வெட்டினாலும், அளவைக் குறைத்தாலும், நிறத்தை மாற்றினாலும் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். ஆனால் படத்தில் இருப்பது யார் என்று அதற்குத் தெரியாது. அதே பெண் அதே நாளில் அதே புடவையில் எடுத்த வேறொரு படத்தைக் கொடுத்தால், அது தேடி எடுக்காது. வாட்ஸ்அப் முகப்புப் படம் போலத் தேடுபொறிகள் எட்டாத இடத்தில் இருப்பதும் அதில் சிக்காது.

இரண்டாவது வகை, முகத்தைத் தேடுவது. 2017-இல் போலந்தில் தொடங்கிய பிம்ஐஸ் தளத்தில் ஒரு முகத்தைக் கொடுத்தால், அந்த முகம் இருக்கும் வேறு படங்களை இணையத்திலிருந்து எடுத்து வரும். பத்து ஆண்டுகளுக்கு முன் கல்லூரி இணையதளத்தில் வந்த குழுப் படமாகவும் இருக்கலாம், மாரத்தான் ஓட்டத்தின் படத் தொகுப்பாகவும் இருக்கலாம். சமூக ஊடகங்களை அலசுவதில்லை என்று அந்நிறுவனம் சொல்கிறது. உங்கள் சொந்தப் படத்தை மட்டுமே தேடுங்கள் என்றும் சொல்கிறது. ஆனால் தேடுகிறவர் படத்தில் இருப்பவர்தானா என்று உறுதி செய்துகொள்ள உருப்படியான ஏற்பாடு எதுவும் இல்லை. கூகுளின் அன்றைய செயல் தலைவர் எரிக் ஷ்மிட், இப்படி ஒரு கருவியைத் தங்களால் உருவாக்க முடிந்தும் வெளியிடாமல் நிறுத்திவைத்ததாக 2011-இல் கூறினார். பெரிய நிறுவனம் அஞ்சி ஒதுக்கியதைச் சிறிய நிறுவனம் சந்தாவுக்கு விற்கிறது என்பதுதான் இன்றைய நிலை.

மூன்றாவது வகையில் முகம்கூடத் தேவையில்லை, பின்னணி போதும். கடைப் பலகை, பேருந்து நிறுத்தம், எதிர் வீட்டுக் கிரில், பால்கனியிலிருந்து தெரியும் தண்ணீர்த் தொட்டி. 2019 செப்டம்பரில் டோக்கியோவில் நடந்தது இதுதான். இளம் பாடகி ஒருவர் தன்னைத் தானே எடுத்துப் பதிவிட்ட படத்தை, அவருடைய ரசிகர் ஒருவர் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். கண்மணியில் ஒரு ரயில் நிலையத்தின் காட்சி பிரதிபலித்திருந்தது. கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் தேடி அது எந்த நிலையம் என்று கண்டுபிடித்தார். அங்கே காத்திருந்து, பின்தொடர்ந்து போய், வீட்டருகே அவரைத் தாக்கினார். காவல்துறை பிடித்து விசாரித்தபோது இன்னொன்றும் வெளிவந்தது. அந்தப் பெண் வீட்டுக்குள் எடுத்த காணொளிகளில் திரைச்சீலை எங்கே இருக்கிறது, ஜன்னல் வழியாக வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்பதையெல்லாம் கவனித்து, கட்டடத்தில் அவருடைய வீடு எது என்று கணிக்க முயன்றிருக்கிறார்.

அந்தப் பெண் தன் ஊரையோ தெருவையோ எங்கும் எழுதவில்லை. படத்தோடு சேரும் ஜி.பி.எஸ். குறிப்பும் இதில் எந்தப் பங்கும் வகிக்கவில்லை. படத்தில் இருப்பிடம் பதிவாகும், அதை அணைத்து வையுங்கள் என்ற அறிவுரை நல்லதுதான். ஆனால் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவை படத்தை வெளியிடும்போது அந்தக் குறிப்பைத் தாமே நீக்கிவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தக் குறிப்பை எண்ணிக் கவலைப்படும் பலர், கண்ணெதிரே இருக்கும் அடையாள அட்டையை மறந்துவிடுகிறார்கள். கழுத்தில் தொங்கும் பட்டியின் நிறமும் அதில் திரும்பத் திரும்ப அச்சடித்த சின்னமும் போதும், நிறுவனம் எது என்று சொல்ல. ஸ்ட்ரீட் வியூவும் ஜப்பானோடு நிற்கவில்லை. 2022 ஜூலையில் இந்தியாவில் பத்து நகரங்களுக்கு அது வந்தபோது சென்னையும் அதில் ஒன்று.

பணியிடம் தெரிந்தபின் வீட்டுக்குப் போவது எப்படி? அமெரிக்காவில் பெயரைக் கொடுத்தால் முகவரியைத் தரும் தளங்களே உண்டு. ஹார்வர்டு மாணவர்கள் இருவர் 2024-இல் படக்கருவி பொருத்திய மூக்குக் கண்ணாடி, பிம்ஐஸ், அத்தகைய முகவரித் தளம் ஆகியவற்றை ஒன்றோடொன்று இணைத்து, எதிரே வரும் முன்பின் தெரியாத ஒருவரின் பெயரையும் முகவரியையும் சில நிமிடங்களில் எடுத்துக் காட்டினார்கள். ஆபத்தை உணர்த்துவதே நோக்கம் என்று கூறி, அந்த நிரலை வெளியிட மறுத்தார்கள்.

இந்தியாவில் அத்தகைய தளங்கள் அந்த அளவுக்கு இல்லை என்று நிம்மதி கொள்வதற்கில்லை. இங்கே வாக்காளர் பட்டியல் பொது ஆவணம். பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, வீட்டு எண் எல்லாம் பாகம் வாரியாக அதில் இருக்கின்றன. வாக்காளர் படங்களை இணையப் பிரதியில் போடாமல் தேர்தல் ஆணையம் தவிர்த்திருக்கிறது. அது சரியான முடிவு. ஆனால் வரன் பதிவின் படத்திலிருந்து பெயரை எடுத்துவிட்டவருக்குப் பட்டியலில் படம் எதற்கு? தந்தை பெயரும் சொந்த ஊரும்தான் அவருக்கு வேண்டும். ஊரைப் பதிவே சொல்லிவிடுகிறது. தந்தையின் பெயரையும் பல குடும்பங்கள் ஜாதகத்தோடு சேர்த்து ஏற்றிவிடுகின்றன.

படத்தேடலையே தடைசெய்ய வேண்டும் என்று சொல்வது அவசரப் பேச்சு. மாப்பிள்ளை என்று பேசுகிறவரின் படம் வேறொரு நாட்டு விளம்பர நடிகருடையது என்று கண்டுபிடித்து, பணத்தோடு மனத்தையும் காப்பாற்றிக்கொண்ட குடும்பங்கள் இதே கருவியால்தான் தப்பின. மோசடிக்காரரைப் பிடிக்கும் அதே வழிதான் பெண்ணைப் பின்தொடர்கிறவருக்கும் திறந்திருக்கிறது.

ஆகவே செய்யக்கூடியது, அந்த இணைப்பை அறுப்பது. வரன் பதிவுக்கென்று புதிதாக ஒரு படம் எடுத்து, அதை வேறெங்கும் போடாமல் இருப்பது நகல் தேடலை முழுக்க முறித்துவிடும். வெறும் சுவர் முன்னால் நின்றால் பின்னணியும் எதையும் சொல்லாது. முகத் தேடலை இது தடுக்காது. அங்கே மறுமுனையைத்தான் கவனிக்க வேண்டும். லிங்க்டுஇனில் முகப்புப் படத்தை யார் பார்க்கலாம் என்ற அமைப்பு இருக்கிறது. அதைத் தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும் என்று மாற்றிவிட்டு, பிரவுசரின் மறைநிலைச் சாளரத்தில் உள்நுழையாமல் தன் பக்கத்தைத் திறந்து பார்த்தால், அந்நியர் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்பது விளங்கும். பிறகு தன் படத்தைத் தானே டின்ஐயிலும் லென்ஸிலும் போட்டுப் பார்க்கலாம். விவரத்தில் நிறுவனத்தின் பெயருக்குப் பதில் துறையை எழுதினால் போதும். அரிதான பதவியும் சிறிய ஊரும் சேர்ந்து வந்தால் பெயர் தேவையே இல்லை; ஒரு சிற்றூரின் ஒரே கால்நடை மருத்துவர் என்று எழுதினால் அதுவே முகவரி.

ஆனால் எல்லாச் சுமையையும் பெண்ணின் தலையிலும் பெற்றோர் தலையிலும் ஏற்றுவது நியாயமில்லை. பின்தொடர்ந்து தொல்லை செய்வதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவில் தண்டனை உண்டு. பெண்ணின் இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் அதில் அடங்கும். அது வாசலுக்கு ஆள் வந்தபின் உதவும் சட்டம். முன்கூட்டியே காக்க வேண்டியது 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் 3-ஆம் பிரிவோ, ஒருவர் தானே பொதுவெளியில் வைத்த தரவுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று விலக்கிவைக்கிறது. வேலை தேடுவதற்காக ஒரு பெண் பொதுவில் வைத்த படத்தை, முகத்தேடல் நிறுவனம் அள்ளிக்கொண்டு போய் வேறு நோக்கத்துக்கு விற்றால், நீங்கள்தானே வெளியிட்டீர்கள் என்று இந்த விலக்கைக் காட்டி வாதிட இடமிருக்கிறது. எதற்காக வெளியிடப்பட்டது என்ற கேள்வியைச் சட்டம் கேட்பதே இல்லை. திருத்தம் தேவைப்படுவது அந்த இடத்தில்.

தளங்கள் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பதிவர்களின் படங்களைத் தேடுபொறிகள் திரட்டாதபடி தடுப்பது அவர்கள் கையில் இருக்கிறது. இரு தரப்பும் விருப்பம் தெரிவிக்கும்வரை படத்தை மங்கலாகவே காட்டலாம். பூட்டி வைக்கும் வசதியைத் தேடிப் போய்ப் போட வேண்டிய ஒன்றாக வைக்காமல், பதிவு திறக்கும்போதே பூட்டியிருக்கும்படி செய்யலாம். ஏற்றுகிற படம் ஏற்கெனவே பொதுவெளியில் இருக்கிறதா என்று தளமே ஒருமுறை தேடிப் பார்த்து, இந்தப் படம் உங்கள் பெயரோடு வேறோர் இடத்தில் இருக்கிறது, மாற்றுகிறீர்களா என்று பெற்றோரிடம் கேட்கலாம். நகல் தேடும் நுட்பம் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் புழக்கத்தில் இருக்கும்போது, இதை ஒரு தளம் செய்யாமல் இருக்கத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை.