நாளுக்கு ஆயிரம் ரிங்கிட்: கூட்டினால் வராத கணக்கு

ஊழியர் சேமநிதியை 55 வயதில் மொத்தமாகக் கொடுப்பதா, மாதாமாதம் பிரித்துக் கொடுப்பதா என்ற சண்டை, 2025 ஜூலை இறுதியில் 13ஆவது மலேசியத் திட்டம் நாடாளுமன்றத்துக்கு வந்ததும் சூடுபிடித்தது. 'கையில் கொடுத்தால் கரைத்துவிடுவார்கள்' என்றது ஒரு தரப்பு. 'எங்கள் காசு, எங்கள் கையில்' என்றது மற்றது. வட்டியைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. இதே குருட்டுத்தனத்தை நம்பர் கடையில் இன்னும் அப்பட்டமாகப் பார்க்கலாம்.

மேக்னம் லைஃப் ஆட்டத்தின் முதல் பரிசு, நாளுக்கு 1,000 ரிங்கிட் வீதம் 20 ஆண்டுகளுக்கு. கேமரன் மலையில் குறைந்தபட்ச ஊதியமான 1,700 ரிங்கிட் வாங்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு அது ஏறக்குறைய 18 பேரின் சம்பளம். ஆயிரத்தை 365 ஆலும் 20 ஆலும் பெருக்கினால் 7.3 மில்லியன். லயத்தில் எல்லோரும் போடுகிற கணக்கு அதுதான். அது தப்புக் கணக்கு.

இருபதாம் ஆண்டில் வரும் 365,000 ரிங்கிட்டை இன்றைய 365,000 ரிங்கிட்டோடு கூட்டக்கூடாது. வங்கியில் 4 விழுக்காடு கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், இன்று 166,600 ரிங்கிட் போட்டாலே அது 20 ஆண்டில் 365,000 ஆகிவிடும். ஆகவே அந்தக் கடைசித் தவணையின் இன்றைய மதிப்பு 166,600தான். பத்தாவது தவணைக்கு 246,600. எளிமைக்காக ஒவ்வொரு தவணையும் ஆண்டு முடிவில் வருவதாகக் கொண்டு இருபதையும் இப்படிக் குறைத்துக் கூட்டினால் 4.96 மில்லியன் வருகிறது. நாள்தோறும் பிரித்துக் கொடுத்தால் இன்னும் ஒரு லட்சம் கூடும், அவ்வளவே. வட்டியை 6 விழுக்காடாக்கினால் மொத்தமே 4.19 மில்லியனாகச் சுருங்கும். 3 ஆக்கினால் 5.43 ஆக உயரும். விளம்பரத்தில் உள்ள தொகையும் பரிசுச்சீட்டும் மாறவில்லை. மாறியது வட்டி மட்டும்.

இதற்கு அமெரிக்காவின் பவர்பால் பரிசைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது. அங்கே வென்றவர் 30 தவணைகளாக வாங்கலாம், அல்லது குறைந்த தொகையை உடனே மொத்தமாக வாங்கலாம். 2016 ஜனவரியில் விளம்பரப்படுத்திய பரிசு 1.586 பில்லியன் டாலர். ரொக்கமாக வாங்கினால் 983.5 மில்லியன். 2022 நவம்பரில் விளம்பரம் 2.04 பில்லியனுக்கு ஏறி, உலகமே வாயைப் பிளந்தது. ரொக்கமோ 997.6 மில்லியன்! உண்மையான பணம் ஏறியது வெறும் 14 மில்லியன். விளம்பரத் தொகை ஏறியது 454 மில்லியன். இடையில் அமெரிக்க வட்டி ஏறியிருந்தது, அதே ரொக்கத்தைக் கொண்டு பெரிய தவணைகளை வாங்க முடிந்தது. 'வரலாற்றிலேயே பெரிய பரிசு' என்ற கூச்சலில் பெரும்பங்கு கடன்பத்திரச் சந்தையின் உபயம். பவர்பால் தவணையாவது ஆண்டுக்கு 5 விழுக்காடு கூடும். இங்கே 20 ஆண்டும் அதே ஆயிரம்தான். விலைவாசி ஆண்டுக்கு இரண்டரை விழுக்காடு ஏறினால், கடைசி நாளின் ஆயிரத்துக்கு இன்று 610 ரிங்கிட்டுக்கு வாங்கும் பொருள்தான் கிடைக்கும்.

எந்த வட்டியை வைத்துக் கணக்குப் போடுவது? இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். உரிமம் பெற்ற வட்டிக்கடையில் பிணையில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை வாங்கலாம் என்பதால், கடன்பட்டவர் 18ஐ வைத்துக் கணக்கிட வேண்டும் என்பார்கள். அந்தக் கணக்கில் பரிசின் மதிப்பு 2 மில்லியனுக்கும் கீழே போய்விடும். அபத்தம். தோட்டத் தொழிலாளியின் கடன் முதல் ஓரிரு மாதத் தவணையிலேயே தீர்ந்துவிடும். மீதிப் பணத்துக்கு அந்த வட்டியோடு என்ன உறவு? சேமநிதியின் லாப ஈவு 2024இல் 6.3 விழுக்காடு என்பதும் முழுசாக உதவாது, ஏனென்றால் சுயமாக ஆண்டுக்கு 100,000 ரிங்கிட்டுக்கு மேல் அதில் போட முடியாது. அந்தத் தொகை முழுவதையும் உண்மையில் எங்கே போட முடியுமோ, அந்த இடத்து வட்டிதான் சரியான வட்டி.

யாராவது வந்து, 'இப்போதே 4.5 மில்லியன் தருகிறேன், தவணைகளை என் பேருக்கு மாற்று' என்றால் என்ன செய்வது? இரண்டும் சமமாகிற வட்டி 5.1 விழுக்காடு. அந்தப் பணத்தை அதே அளவு பத்திரமான இடத்தில் போட்டு அதற்கு மேல் ஈட்ட முடிந்தால் கைநீட்டலாம். வங்கியின் நிரந்தர வைப்பில் 3 விழுக்காடுதான் கிடைக்கும் என்றால் வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

'தோட்டத்து மக்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் புரியாது' என்பவர்கள், பறித்த கொழுந்தை நிறுக்கும்போது அரைக் கிலோ குறைந்தாலும் தட்டிக்கேட்கும் பெண்களைப் பார்த்ததே இல்லை போலும். அப்படிப் பேசுபவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம். சூதாட்ட உரிமம் நிதி அமைச்சின் கையில் இருக்கிறது. தவணைப் பரிசு விளம்பரம் ஒவ்வொன்றிலும் இன்றைய மதிப்பையும், அதைக் கணக்கிட எடுத்துக்கொண்ட வட்டியையும் அதே எழுத்தளவில் அச்சிட வேண்டும் என்று அமைச்சு நாளைக்கே உத்தரவிடலாம். சேமநிதியை மாதத் தவணையாக்குகிற திட்டத்துக்கும் இதே விதி. அந்த எண்ணைக் காட்டாத எந்தத் தவணைத் திட்டத்திலும் தொழிலாளி கையெழுத்துப் போடக்கூடாது.