பட்டறைக் கூரை: எடையைக் கணக்கிடுவோர் காற்றையும் கணக்கிட வேண்டும்

சிறுதொழில் முனைவோர் பட்டறை கட்டத் தொடங்கும்போது, கூரைக்கு எஃகு டிரஸ் போடுவதா, கான்கிரீட் தளம் போடுவதா என்ற கேள்வி பெரும்பாலும் பழக்கத்தாலேயே முடிவாகிறது. வீட்டுக்குத் தளம் போட்டவர் பட்டறைக்கும் தளமே உறுதி என்கிறார். செலவைக் குறைக்க நினைப்பவர் டிரஸ் போதும் என்கிறார். இருவருமே கேட்கத் தவறும் கேள்வி ஒன்று உண்டு: இந்தக் கூரை எந்த விசையை எதிர்த்து நிற்கப்போகிறது?

புணே நகரின் புறப்பகுதியில் 12 மீட்டர் அகலமும் 20 மீட்டர் நீளமும் கொண்ட ஓர் இயந்திரப் பட்டறையை எடுத்துக்கொள்ளலாம். நடுவில் தூண் இருந்தால் இயந்திரங்களை வரிசைப்படுத்துவதும் நீண்ட கம்பிகளைத் திருப்புவதும் கடினம். எனவே கூரை 12 மீட்டரை ஒரே தாவலில் கடக்க வேண்டும்.

கான்கிரீட்டில் இதைச் செய்ய 4 மீட்டருக்கு ஒன்றாகச் சுமார் 90 சென்டிமீட்டர் ஆழமுள்ள உத்தரங்களும், அவற்றின்மேல் 15 சென்டிமீட்டர் தளமும் தேவைப்படும். தளம் மட்டும் 90 டன். உத்தரங்களையும் சேர்த்தால் ஏறத்தாழ 130 டன். இதே பரப்பை டிரஸ், பர்லின், தகடு ஆகிய மூன்றும் சேர்ந்து 6 டன்னில் மூடிவிடும்.

செலவு பற்றிய விவாதத்தில் மறக்கப்படும் செய்தி இங்கேதான் இருக்கிறது. அந்தக் கான்கிரீட்டுக்குள் புதையும் கம்பி மட்டுமே ஏறத்தாழ 5 டன் ஆகும். அதாவது, தளம் போடுபவர் எஃகைத் தவிர்ப்பதில்லை; கிட்டத்தட்ட அதே அளவு எஃகை வாங்கி, அதன்மேல் 50 கனமீட்டர் கான்கிரீட், பலகையடைப்பு, சாரம் ஆகியவற்றுக்கும் பணம் தருகிறார். டிரஸ் எஃகுக்கு வெட்டிப் பற்றவைக்கும் கூலி கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் 130 டன்னைச் சுமக்கும் தூண்களுக்கும் அடித்தளத்துக்கும் ஆகும் செலவு அந்த வேறுபாட்டை விழுங்கிவிடும். 6 மீட்டரைத் தாண்டிய உத்தரங்களின் முட்டுகளை 21 நாள் எடுக்கக் கூடாது என்று IS 456 கூறுவதால், காலமும் கூடுகிறது.

அப்படியானால் டிரஸே சிறந்தது என்று முடித்துவிடலாமா? முடியாது. அதன் இலேசான எடையே அதன் ஆபத்தும் ஆகும். புணேக்கான அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர். இவ்வேகம் தரும் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 90 கிலோ. பட்டறையின் பெரிய கதவு திறந்திருக்கையில் காற்று உள்ளிருந்து தள்ளுகிறது. அதே நேரம் வெளியில் ஓடும் காற்று கூரையை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. இரண்டும் சேர்ந்தால் சதுர மீட்டருக்கு 120 கிலோ வரை மேலே இழுக்கும். கூரையின் சொந்த எடையோ 25 கிலோதான். 4 மீட்டர் இடைவெளியில் நிற்கும் ஒவ்வொரு டிரஸின் முனையிலும் 2 டன்னுக்கு மேற்பட்ட விசை கூரையைப் பிடுங்க முயலும். 375 கிலோ எடையுள்ள கான்கிரீட் தளத்துக்கு இக்கவலையே இல்லை.

விசை திசைமாறும்போது டிரஸின் உள்ளேயும் மாற்றம் நிகழ்கிறது. சாதாரண நாளில் இழுவிசையில் இருக்கும் கீழ்நாண், புயற்காற்றில் அமுக்கவிசைக்கு உள்ளாகிறது. பக்கவாட்டில் பிடிப்பில்லாத மெல்லிய கோணச்சட்டம் அப்போது வளைந்துவிடும். உள்ளூர்ப் பற்றவைப்பாளர் அனுபவத்தால் அமைக்கும் டிரஸ்களில் இப்பிடிப்புச் சட்டங்களும் போதிய நங்கூர போல்ட்டுகளும் விடுபடுவதுண்டு. ஆண்டுக்கணக்கில் நின்ற கூரை ஒரே மாலைக் காற்றில் பறப்பதற்கு இது ஒரு காரணம். கீழே வேலை செய்பவர்களுக்கு அது உயிர்க்கேடு.

பராமரிப்பில் இரண்டும் வேறு வேறு குணம் கொண்டவை. டிரஸின் நோய் கண்ணுக்குத் தெரியும்: தகட்டுத் திருகின் ரப்பர் வளையம் வெயிலில் வெடிக்கும், அங்கே நீர் கசியும், பர்லின் இணைப்பில் துரு படியும். தூரிகையும் திருகுமுடுக்கியும் கொண்டு சரிசெய்துவிடலாம். தளத்தின் நோய் மறைந்து வளர்வது. தேங்கிய மழைநீர் கம்பியை அடைந்து துருவேற்ற, துரு பருத்து அடிக்காரையைத் தள்ளும். சுத்தியலால் தட்டும்போது வெற்றொலி கேட்டாலோ, கம்பியின் போக்கில் பழுப்புக் கீறல் தெரிந்தாலோ, சேதம் ஏற்கெனவே முற்றத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

மேலே மாடி எழுப்பும் திட்டம் உறுதியாக இருந்து, அதற்கேற்பத் தூணும் அடித்தளமும் வடிவமைக்கப்பட்டால் தளத்துக்கு நியாயம் உண்டு. அகலம் 5 மீட்டருக்குள் அடங்கும் சிறு அறைக்கும் அதுவே எளிது. 12 மீட்டர் பட்டறைக்கு டிரஸ்தான் தகும். ஆனால் மேல்நோக்கிய விசைக்குக் கணக்கிட்ட தாள் ஒன்று கையில் இல்லாத டிரஸ், மலிவான கூரை அன்று, தள்ளிப்போடப்பட்ட விபத்து. பொறியியல் மாணவர்க்கு டிரஸ் கற்பிக்கும் ஆசிரியர்கள், கூரையை அழுத்தும் சுமைக்கு முன்பாக அதைப் பிடுங்கும் காற்றிலிருந்தே பாடத்தைத் தொடங்குவது நலம்.