மணி நீளமாக அடிக்கும்போது

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடித்துச் சிதறிய கப்பலின் தீயோடு போராடி உயிர்நீத்த வீரர்களின் ஸ்மரணையாக ஆண்டுதோறும் அனுஷ்டிக்கப்படும் தீத்தொண்டு வாரம், நம் பள்ளிகளுக்குப் பரீட்சைக் காலத்தில் வந்து சேர்வது ஒரு விசித்திரமே. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் பள்ளிகள் அவ்வாரத்திலோ பிறிதொரு நாளிலோ தீ ஒத்திகை நடத்தும்போது, ஆட்டிசம் உள்ள குழந்தையின் தாயை முதல் நாளே அழைத்து, "நாளைக்குப் பையனை அனுப்ப வேணாம்மா, சத்தத்துல பயந்துடுவான்" என்று சொல்லிவிடுகிற பள்ளிகளும் உண்டு. கருணையால் விளைந்த இவ்வழக்கத்தை நாம் அடியோடு மறுக்கிறோம். 94 குழந்தைகளைப் பலிகொண்ட 2004 ஜூலை 16 கும்பகோணத் தீ, எவருக்கும் முன்னறிவிப்புத் தந்துவிட்டு வரவில்லை. ஆபத்துக் காலத்தில் மாற்றுத்திறனாளிகளுக்குச் சமமான பாதுகாப்பு உண்டு என்று 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு விதித்திருக்க, ஒத்திகையிலிருந்து விலக்கப்பட்ட குழந்தை மெய்யான தீயின்போது என்ன செய்யும்?

செய்வது இன்னதென்று நாம் ஊகிக்க முடியும். நம் பள்ளிகள் பலவற்றில் அபாயத்துக்கென்று தனிச் சங்கு கிடையாது. சாப்பாட்டுக்கும் வீட்டுக்கும் அடிக்கிற அதே மின்மணியையே நிறுத்தாமல் நீளமாக அடிக்கிறார்கள். மற்றக் குழந்தைகள் ஆசிரியையின் முகத்தைப் பார்த்து அவ்வேறுபாட்டைக் கிரகித்துக்கொள்ள, மணி என்றால் வீடு என்று பழகிய குழந்தையோ, பையை மாட்டிக்கொண்டு ஆட்டோவுக்காக வாசற்கதவை நோக்கிப் போகும். அல்லது சத்தம் தாளாமல் பெஞ்சுக்கு அடியில் ஒடுங்கிவிடும். பின்னதே அதிக அபாயகரமானது. புகையினூடே தேடுகிறவர் கண்ணுக்கு, மௌனமாக ஒளிந்திருக்கும் குழந்தை அகப்படுவது அரிது.

இதற்கு எளிய பரிகாரம் ஒன்று உண்டு. மிச்சிகன் மாநிலத்து ஆசிரியை கரோல் கிரே 1990களின் தொடக்கத்தில் வகுத்தளித்த 'சமூகக் கதை', நடக்கப்போவதைக் குழந்தைக்கு முன்கூட்டியே, அதன் கண்ணோட்டத்திலிருந்து விவரிக்கிற சிறு நூல். அதன் ஜீவநாடி, கட்டளையிடும் வாக்கியங்களைப் போல இருமடங்குக்குக் குறையாமல் விவரிக்கும் வாக்கியங்கள் இருக்கவேண்டும் என்ற விதியே. அம்பத்தூர்ப் பள்ளி ஒன்றுக்கு நாமே எழுதினால் இவ்வாறு எழுதுவோம்:

"நம்ம ஸ்கூல்ல மணி அடிக்கும். சாப்பாட்டு மணி கொஞ்ச நேரம் அடிச்சு நின்னுடும். சில நாள் மணி நிக்காம நீளமா அடிக்கும். அது ஒத்திகை மணி. சத்தம் பெருசா இருக்கலாம். நான் காதைப் பொத்திக்கலாம். பை பெஞ்சுலயே இருக்கும். மிஸ் முன்னாடி நடப்பாங்க. நான் வரிசையில நடப்பேன். வேப்பமரத்துக்கிட்ட நிப்போம். மிஸ் பேர் கூப்பிடுவாங்க. அப்புறம் வகுப்புக்குத் திரும்பி வருவோம்."

இப்பன்னிரண்டு வாக்கியங்களில் குழந்தை செய்யவேண்டியதைச் சொல்பவை இரண்டே. கட்டளைகளை அடுக்கினால் அது கதையாகாமல் வசவாகிவிடும். 'பறந்து வா' என்றால் இறக்கையைத் தேடுகிற குழந்தைக்கு அலங்காரச் சொல் ஆகாது. ஏட்டுத் தமிழும் ஆகாது (நம்மைப் போன்றவர்க்கு இதை ஒப்புக்கொள்வது சற்றுக் கடினம்தான்). அன்றாடம் காதில் விழுகிற வீட்டுப் பேச்சிலேயே இருக்கவேண்டும். 'பெருசா இருக்கும்' என்னாது 'இருக்கலாம்' என்றது, கதையின் வாக்கு ஒருமுறை பொய்த்தால் மறுமுறை குழந்தை அதை நம்பாது என்பதனால். வகுப்புக்குத் திரும்புவதைச் சொல்லாது விட்டால், பாதியில் நின்ற கணக்குப் பாடம் என்ன ஆயிற்று என்ற கலக்கத்திலேயே குழந்தை மரத்தடியில் அழும். படங்களும் அதே பள்ளியின் மணி, அதே மாடிப்படி, அதே மரமாக இருக்கவேண்டும். முகமூடியும் காற்றுக்கலனும் தரித்த தீயணைப்பு வீரரின் படம் ஒன்று சேர்ந்தால் நலம், அவ்வுருவமே பெரியவர்களையும் திடுக்கிடச் செய்வதாகையால்.

கதை மாத்திரமே போதும் என்று நாம் வாதிடவில்லை. சமூகக் கதைகளைப் பரிசோதித்த ஆய்வுகளின் முடிவுகள் ஒரு தன்மையாக இல்லை. படித்துக் காட்டியதோடு நிறுத்தினால் பயன் சொற்பம். ஒரு வார காலம் அன்றாடம் படித்துக்காட்டி, மணியில்லாமல் அவ்வழியே மரம்வரை நடத்திச் சென்று, பின்னர் மணியைத் தூரத்திலிருந்து கேட்கச் செய்து, அதன்பின்னரே ஒத்திகையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கதை பலித்ததற்கு அடையாளம் குழந்தை அழாதிருப்பதன்று. காதைப் பொத்திக்கொண்டு அழுதபடியேனும் பையை விட்டுவிட்டு வரிசையில் நடப்பதுதான்.

பள்ளிக் கல்வித் துறை ஒத்திகை நடத்தும் ஒவ்வொரு பள்ளியிலும் இக்கதையைக் கட்டாயமாக்கவேண்டும். செலவு பத்துப் பக்க அச்சுக்கு மேல் இராது. இரண்டு மூன்று ஒத்திகைகள் பழகிய பிறகு, "சில நாள் மிஸ் முன்னாடியே சொல்ல மாட்டாங்க, அப்பவும் வேப்பமரத்துக்குத்தான் போவோம்" என்ற ஒரு பக்கத்தை அதில் சேர்த்துத் தைத்துவிட்டு, அடுத்த மணியைச் சொல்லாமல் அடிக்கட்டும்.