உதட்டுக்கேற்ற வரி எழுதுவோம், முகத்தை மாற்ற மாட்டோம்

திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பாட வீடியோக்களுக்குத் தமிழ்க் குரல் சேர்க்கும் எழுத்தாளர்கள், குரல் கலைஞர்கள் சார்பில் இந்த அறிக்கை.

பேசுபவரின் வாயசைவைப் புதிய ஒலிக்கேற்ப மாற்றும் மென்பொருள்கள் இன்று கைக்கெட்டிவிட்டன. ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட Wav2Lip அதில் பெயர் பெற்றது. அதனால் வரிக்கு ஏன் மெனக்கெட வேண்டும் என்று எங்களிடம் கேட்கிறார்கள். மெனக்கெடத்தான் வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. பேசுபவரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் அவர் முகத்தில் கைவைக்கும் வேலையை நாங்கள் ஏற்பதில்லை.

உதட்டில் எல்லா ஒலியும் தெரிவதில்லை. ப, ம இரண்டுக்கும் உதடுகள் மூடுகின்றன. ஆங்கிலத்தின் p, b, m ஒலிகளும் அப்படியே. வ, எஃப் ஒலிகளுக்குப் பல் கீழுதட்டைத் தொடுகிறது. இந்த இடங்கள் சரியாக விழுந்தால் மற்றதைக் கண் மன்னித்துவிடும்.

ஓர் ஆசிரியை நெருக்கக் காட்சியில் 'லுக் அட் த பம்ப்' என்கிறார். 'பம்பைப் பாருங்கள்' என்று எழுதினால் பொருள் சரி, உதடு ஒட்டாது. திரையில் வாய் திறந்து தொடங்குகிறது, நம் குரலோ மூடிய உதட்டில் தொடங்குகிறது. கடைசியில் அவர் உதடு மூடும்போது நாம் 'ங்கள்' என்று திறந்து நிற்கிறோம். 'இதோ, இந்தப் பம்ப்' என்று மாற்றினால் திறப்பும் மூடலும் அதே இடத்தில் விழும். குரல் கலைஞர் 'பம்ப்பு' என்று வழக்கம்போல் உகரம் சேர்க்காமல் வெட்டி நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

தாளில் ம் இருப்பதை மட்டும் நம்பக்கூடாது. 'ஸ்டாப்' என்பதற்கு 'போதும்' எழுதினால் கடைசி மகரம் பொருந்துவதுபோல் தோன்றும். பேச்சில் அது முன்னுள்ள உகரத்தின் மூக்குச் சாயலாகிவிடுகிறது, அங்கே உதடு மூடுவதே இல்லை. எங்கள் எழுத்தாளர்கள் ஒவ்வொரு வரியையும் கண்ணாடி முன் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது இதற்காகத்தான்.

நேரத்திலும் ஒரு விதி உண்டு. ஒலி, படத்துக்கு 45 மில்லிசெகண்ட் முந்தினாலே பார்ப்பவருக்குத் தெரியத் தொடங்கும், பிந்தினால் 125 வரை தெரியாது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. 25 ஃபிரேம் வீடியோவில் ஒரு ஃபிரேம் 40 மில்லிசெகண்ட். ஆகவே சந்தேகம் வந்தால் ஒரு ஃபிரேம் தள்ளியே வைக்கிறோம், முன்னே இழுப்பதில்லை.

உதடா பொருளா என்று வரும்போது பாடத்தில் பொருளே முன். அளவோ எச்சரிக்கையோ உதட்டுக்காகச் சுருங்காது; அந்த ஒரு வரி ஒட்டாமல் போகட்டும். முகம் தெரியாத காட்சிகளுக்கு நீளமான விளக்கத்தை நகர்த்திக்கொள்ளலாம்.

வீடியோ தருபவர்களிடம் எங்கள் கோரிக்கை: எழுத்துப் பிரதியை மட்டும் அனுப்பி மொழிபெயர்ப்பு கேட்காதீர்கள். முதலில் படத்தைத் தாருங்கள். பேச்சு கலக்காத பின்னணி ஒலித் தடத்தையும் தனியாகத் தாருங்கள்.